9.99 டாலர் என்று விளம்பரம், கார்டில் 1,055 ரூபாய்: நடுவில் என்ன நடக்கிறது?

வீரசோழன்கரை (மயிலாடுதுறை)

வெளிநாட்டு இசைச் சேவை ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டினேன். கச்சேரிப் பதிவுகளைச் சுருக்காமல் முழுத் தரத்தில் கேட்கலாம் என்பதால்தான் இது. இந்தியாவுக்கென்று தனி விலை கிடையாது. விளம்பரத்தில் 9.99 டாலர். கூகுளில் பார்த்தபோது டாலர் 85.40, அப்படியானால் 853 ரூபாய் வர வேண்டும். கார்டு எஸ்எம்எஸ்ஸில் 1,013.94 என்று வந்தது. மாத ஸ்டேட்மென்ட்டில் அதோடு இன்னும் இரண்டு வரிகள், 35.49-உம் 6.39-உம். மொத்தம் 1,055.82. ஏறக்குறைய 203 ரூபாய் கூடுதல். யார் எடுத்தது, எதற்காக எடுத்தது என்று யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா?

---

பாமணி_மன்னை (மன்னார்குடி)

இது டிசிஎஸ்தான், அதாவது பணம் போகும்போதே பிடிக்கும் வருமான வரி. வெளிநாட்டுக்குப் பணம் போனால் 20 சதவீதம் பிடிப்பார்கள். அதோடு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி எடுக்கும் கார்டு மார்க்கப் 3.5. இரண்டையும் கூட்டினால் 23.5. உங்கள் 203-ஐ 853-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே சதவீதம் வரும். டிசிஎஸ் என்பதால் வருமான வரி தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

---

அரசலாறு (கும்பகோணம்)

பாமணி, மார்க்கப் என்று சொன்னது சரி. 20 சதவீதம் மட்டும் தற்செயலாகப் பொருந்துகிறது. டிசிஎஸ் இதில் இல்லை. வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செலவழிப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கும் திட்டத்தை 2023 ஜூனிலேயே அரசு தள்ளிவைத்துவிட்டது. டெபிட் கார்டுச் செலவு டிசிஎஸ் கணக்கில் வரும் என்றாலும், ஆண்டுக்கு 7 லட்சம் வரை பிடித்தம் கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து அது 10 லட்சம். மாதம் ஆயிரம் ரூபாய்ச் சந்தாவில் டிசிஎஸ் வர வழியே இல்லை. உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தேடினாலும் கிடைக்காது.

வீரசோழன்கரை, சேவை அனுப்பிய ரசீது மின்னஞ்சலில் இருக்கும். விளம்பரத்தை விட்டுவிடுங்கள், ரசீதில் உள்ள மூன்று வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். ஸ்டேட்மென்ட்டில் வங்கியின் கதை மட்டும்தான் இருக்கும். கடைக்காரர் எவ்வளவு கேட்டார் என்பது ரசீதில்தான் தெரியும்.

---

வீரசோழன்கரை

இதோ:

```
Subtotal   USD 9.99
Tax        USD 1.80
Total      USD 11.79
```

---

அரசலாறு

கூடுதலில் முக்கால் பங்கு இங்கேயே வந்துவிட்டது பாருங்கள். 9.99-க்கு 18 சதவீதம் 1.798, அதை 1.80 என்று முழுதாக்கியிருக்கிறார்கள். இது நம் ஜிஎஸ்டி. அமெரிக்க வரி இல்லை.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையம் வழியாக நம் ஊர் ஆளுக்குப் பாட்டு, படம், மென்பொருள் விற்கும் நிறுவனம் இந்திய வரியை வசூலித்து இங்கே கட்ட வேண்டும். 2016 டிசம்பரில் சேவை வரியாக 15 சதவீதத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 18 ஆனது. அந்த நிறுவனத்துக்கு இங்கே அலுவலகம் இருக்க வேண்டியதில்லை, பதிவு எண் இருந்தால் போதும்.

அந்த எண்ணை வைத்தே ரசீதைச் சோதிக்கலாம். தமிழ்நாட்டில் பதிவான கடையின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், மகாராஷ்டிரத்தில் பதிவானது 27-இல் தொடங்கும். வெளிநாட்டு இணைய சேவையின் எண் 99-இல் தொடங்கும். நடுவில் அந்த நாட்டின் மூன்றெழுத்துச் சுருக்கமும் கடைசிப் பக்கம் `OS` என்ற எழுத்துகளும் இருக்கும். அது உங்கள் ரசீதின் அடியில் இருந்தால் 1.80 டாலர் முறையாகப் பிடித்த வரி. `Tax` என்று போட்டுவிட்டு எண் எதுவுமே தரவில்லை என்றால் அந்த நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

விளம்பரத்தில் வரியில்லாமல் ஏன் போடுகிறார்கள் என்றால், அது அமெரிக்கப் பழக்கம். அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் அடிப்படை விலையைச் சொல்லிவிட்டு, பில்லில்தான் வரியைக் கூட்டுவார்கள். நாம் காபித் தூள் பொட்டலத்தில் "அனைத்து வரிகளும் உட்பட" என்று பார்த்துப் பழகியவர்கள். ஓட்டல் மெனுவை நினைத்துக்கொண்டால் இது சரியாகப் புரியும்: அட்டையில் ஒரு விலை, பில்லின் அடியில் ஜிஎஸ்டி.

---

குடமுருட்டி (திருவையாறு)

வரி முடிந்தது. மீதியை நான் சொல்கிறேன். 1,013.94-ஐ 11.79-ஆல் வகுங்கள்: சரியாக 86.00. இதுதான் கார்டு நெட்வொர்க் உங்களுக்குப் போட்ட டாலர் விலை. கூகுள் காட்டும் 85.40, வங்கிகள் தங்களுக்குள் பெரிய தொகையில் வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளி. அந்த விலைக்குக் கார்டில் யாருக்கும் டாலர் கிடைக்காது. டாலருக்கு 60 காசு வித்தியாசம், 11.79 டாலருக்கு 7 ரூபாய் 7 காசு.

அந்த விலையை வங்கி முடிவு செய்வதில்லை. விசாவோ மாஸ்டர்கார்டோ அன்றன்றைக்கு வெளியிடுகிறது. இரண்டின் இணையதளத்திலும் நாணய மாற்றுக் கணிப்பான் உண்டு. தேதி, டாலர், ரூபாய், தொகை கொடுத்தால் அன்றைய விலை வரும். அங்கே வங்கிக் கட்டணம் என்று ஒரு பெட்டி இருக்கும். சரிபார்க்கும்போது அதில் பூஜ்யம் போடுங்கள், இல்லையென்றால் இரண்டும் கலந்து குழம்பும்.

இன்னொரு விஷயம். எஸ்எம்எஸ் வருவது ஒப்புதல் வாங்கும்போது. கணக்கில் ஏறுவது ஓரிரு நாள் கழித்து, கடைக்காரர் தொகையை உண்மையிலேயே அனுப்பும்போது. நடுவில் விலை மாறினால் எஸ்எம்எஸ்ஸும் ஸ்டேட்மென்ட்டும் சில ரூபாய் வேறுபடும். உங்களுக்கு இரண்டும் ஒன்றாக வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு கட்டியவர்களுக்கு அடிக்கடி அப்படி வராது.

---

அரசலாறு

குடமுருட்டி சொன்னதற்கு அடுத்த படி. 1,013.94-க்கு 3.5 சதவீதம் 35.49. இது உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணி மார்க்கப். அது வங்கி செய்யும் சேவைக்கான கட்டணம் என்பதால் அதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி: 6.39. ஆக 3.5 என்று கட்டணப் பட்டியலில் எழுதியிருந்தாலும் உங்கள் கையிலிருந்து போவது 4.13 சதவீதம்.

இப்போது 853.15-இலிருந்து ஏறிக்கொண்டே வருவோம். ஜிஎஸ்டி 1.80 டாலர், கூகுள் விலையில் 153.72 ரூபாய். நெட்வொர்க் விலை வித்தியாசம் 7.07. மார்க்கப் 35.49. மார்க்கப்பின் ஜிஎஸ்டி 6.39. கூட்டினால் 202.67, 1,055.82 வந்துவிடும். பைசா மிச்சமில்லாமல் கணக்கு நேராகிறது.

இதில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. மார்க்கப்பை 9.99-க்கு மட்டும் போடவில்லை, 11.79-க்குப் போடுகிறார்கள். அரசுக்குப் போகும் வரிப்பணத்தின்மேலும் வங்கி 3.5 சதவீதம் எடுக்கிறது, அந்தக் கட்டணத்தின்மேல் திரும்பவும் வரி. வங்கியைப் பொறுத்தவரை கடைக்காரர் கேட்டது மொத்தம் 11.79 டாலர், அதற்குள் வரி எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. தவறு என்று புகார் செய்ய முடியாது. ஆனால் விலை ஒப்பிடும்போது 18-ஐயும் 3.5-ஐயும் கூட்டிக் கணக்குப் போட்டால் குறைவாகத்தான் வரும். பெருக்கிப் போட வேண்டும்.

---

பாமணி_மன்னை

டிசிஎஸ் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. அப்படியானால் மாதா மாதம் கட்டாமல் வருடத்துக்கு ஒரே தடவை கட்டினால் மார்க்கப் ஒரே தடவைதானே போகும்? பதினொரு மாத மார்க்கப் மிச்சம்.

---

குடமுருட்டி

இல்லை தம்பி. அது தடவைக் கணக்கு இல்லை, சதவீதக் கணக்கு. பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகக் கட்டினால் 3.5-ம் பன்னிரண்டு மடங்குத் தொகைக்குத்தான் போகும். வருடச் சந்தாவுக்கு நிறுவனம் தரும் தள்ளுபடி மட்டும்தான் உண்மையான மிச்சம்.

ஒரு பயன் உண்டு, டாலர் விலை ஏறினால் தப்பிக்கலாம். இந்தக் கணக்கில் டாலர் ஒரு ரூபாய் ஏறினால் மாதத்துக்கு 12 ரூபாய் 28 காசு கூடும். இறங்கினால் அதே அளவு உங்களுக்கு நஷ்டம். சந்தாவை நடுவில் நிறுத்தும் எண்ணம் இருந்தால் வருடக் கணக்கு எடுக்காதீர்கள்.

---

கமலாலயம் (திருவாரூர்)

எனக்கும் இதேதான். கல்யாண மண்டபம் வைத்திருக்கிறேன், ஜிஎஸ்டி எண் இருக்கிறது. மண்டபத்தில் பாட்டுப் போடத்தான் சந்தா. கணக்கில் என் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்தால் அந்த 18 சதவீதம் போகாதா?

---

அரசலாறு

சார், உங்கள் கேள்வி வேறு ஊருக்குப் போகிற பாதை. எண்ணைக் கொடுத்தால் வெளிநாட்டு நிறுவனம் வரி பிடிக்காது, அது உண்மை. ஆனால் வரி மறைந்துவிடாது, உங்கள் தலைக்கு வரும். வெளிநாட்டுச் சேவையை இறக்குமதி செய்ததாகக் கணக்கு. எதிர்முறை வரியாக அதே 18 சதவீதத்தை நீங்களே பணமாகக் கட்டி, ரிட்டர்னில் காட்ட வேண்டும். தொழிலுக்குப் பயன்பட்டது என்று நிரூபிக்க முடிந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டால் பின்னால் வட்டியோடு நோட்டீஸ் வரும். உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு எண்ணைச் சேருங்கள்.

அதைவிட முக்கியம், தனிநபர் சந்தா வீட்டில் கேட்பதற்கு மட்டும். மண்டபத்தில் ஒலிபரப்ப அதன் நிபந்தனை இடம் தராது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

---

நாகை_துறைமுகம் (நாகப்பட்டினம்)

இவ்வளவு சிரமம் எதற்கு? நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம்தான். அவர்களிடம் சொல்லி கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பச் சொன்னால் நம் வரியும் இல்லை, மார்க்கப்பும் இல்லை.

---

குடமுருட்டி

9 சதவீதம் சரிதான், 2024 முதல் அப்படி. ஆனால் கிஃப்ட் கார்டு எந்த நாட்டில் வாங்கியதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் பொதுவாக ஏறும். மயிலாடுதுறைக் கணக்கில் போட்டால் ஏற்காது. கணக்கையே சிங்கப்பூர் என்று மாற்றினால் அந்த நாட்டுக் கார்டும் முகவரியும் கேட்பார்கள். குடும்பச் சந்தாவில் சேர்ந்தாலும் ஒரே முகவரியில் வசிப்பவர்கள் என்ற நிபந்தனை பல சேவைகளில் உண்டு. சோதனை வந்தால் சந்தா பாதியில் நிற்கும். இன்னொன்று, அங்கே இந்தச் சேவையின் அடிப்படை விலையே கூடுதலாக இருந்தால் வரி குறைந்தும் பயனில்லை. அங்கே பலகையில் வரியோடு சேர்த்துத்தான் விலை போடுவார்கள், அதனால் ஒப்பிடும்போது 11.79-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 9.99-க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

---

நாகை_துறைமுகம்

முகவரிச் சோதனை இதுவரை யாருக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அடிப்படை விலையைப் பார்க்கச் சொன்னது சரியான வார்த்தை.

---

வீரசோழன்கரை

அரசலாறு அண்ணே, ரசீதின் அடியில் 99-இல் தொடங்கும் எண் இருக்கிறது. அப்போது வரி சரி. இன்னொரு கேள்வி. கட்டும் பக்கத்தில் "ரூபாயில் செலுத்துக" என்று ஒரு தேர்வும் வந்தது. 1,063 ரூபாய் என்று காட்டியது. டாலர்தான் குறைவாக இருக்கும் என்று நினைத்து டாலரைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டேட்மென்ட் வந்த பிறகு பார்த்தால் வித்தியாசம் ஏழு ரூபாய்தான். அடுத்த மாதம் ரூபாயையே தேர்ந்தெடுக்கலாமா? தொகை முன்கூட்டியே தெரிகிறதே.

---

அரசலாறு

வேண்டாம். நீங்கள் செய்தது சரி. 1,063-ஐ 11.79-ஆல் வகுத்தால் 90.16. உங்கள் வங்கி மார்க்கப் சேர்த்தும் டாலர் 89.55 தான் ஆகிறது. கடைக்காரர் பக்கத்திலேயே மாற்றிக் கொடுக்கும்போது லாபத்தை அந்த விலைக்குள் வைத்துவிடுவார்கள்.

ஏழு ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம், அதோடு முடியாது. ரூபாயில் காட்டினாலும் கடை வெளிநாட்டில் பதிவானது. அப்படிப்பட்ட ரூபாய்ப் பரிவர்த்தனைக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் எடுக்கின்றன. அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. 1,063-க்கு 10.63, அதன் வரி 1.91. மொத்தம் 1,075.54. டாலரைவிட ஏறக்குறைய 20 ரூபாய் கூடுதல்.

இந்த 1 சதவீதம்தான் பலரைக் குழப்புகிறது. 119 ரூபாய் என்று இந்திய விலை போட்டிருக்கும் சேவையில்கூட, பணம் வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவாகியிருந்தால் சில நாள் கழித்து 1.19-உம் 0.21-உம் தனியாக ஏறும். "119 தானே, 120.40 எப்படி?" என்று கேட்பார்கள். அந்த 119-க்குள் ஜிஎஸ்டி ஏற்கெனவே இருக்கிறது: 100.85 விலை, 18.15 வரி. மேலே வந்த 1.40 முழுக்க வங்கியின் கணக்கு. யூபிஐயில் கட்டினால் இந்த 1.40 வராது, ஏனென்றால் அது கார்டுக் கட்டணம்.

---

குடமுருட்டி

அடுத்த மாதம் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. தானியங்கிச் சந்தாவுக்கு வங்கியில் அனுமதி பதிவு செய்திருப்பீர்கள். 2021 அக்டோபரிலிருந்து அது கட்டாயம். தொகை மாறக்கூடிய சந்தாவுக்கு உச்சத் தொகை ஒன்று குறித்திருப்பீர்கள். முதல் மாதம் 1,013.94 என்று பார்த்து உச்சம் 1,020 வைத்திருந்தால், டாலர் 87-ஐத் தொட்டதும் கேட்கும் தொகை 1,025.73. உச்சத்தைத் தாண்டியதால் பணம் போகாது, பாட்டு நிற்கும். சேவையிலிருந்து "கார்டு நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும் வரும், காரணம் சொல்ல மாட்டார்கள். ஆட்கள் கார்டை மாற்றிப் பார்ப்பார்கள், மறுபடி பதிவு செய்வார்கள். 1,200 என்று வைத்திருங்கள், போதும். உச்சத்தைக் கூட்டினால் அதிகம் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தொகையோடு அறிவிப்பு வரும், அதிலேயே நிறுத்தலாம்.

அந்த அறிவிப்பில் மார்க்கப் இருக்காது என்று வைத்துக்கொண்டே பட்ஜெட் போடுங்கள். அதில் தெரிவது கடைக்காரர் கேட்கும் தொகை.

---

வீரசோழன்கரை

உச்சம் 1,050 வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். மார்க்கப்பையே இல்லாமல் செய்ய வழி?

---

குடமுருட்டி

மார்க்கப் பூஜ்யம் என்று தரும் கார்டுகள் இருக்கின்றன. அதில் கட்டியிருந்தால் 1,013.94-ஓடு முடிந்திருக்கும், மாதம் 41.88 மிச்சம், வருடத்துக்கு ஏறக்குறைய 500 ரூபாய். ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டு என்றால் அந்த 500-ஐ அதோடு ஒப்பிடுங்கள். வேறு வெளிநாட்டுச் செலவு இல்லாதவருக்கு இதற்காக மட்டும் கார்டு வாங்குவதில் அர்த்தமில்லை. கையில் இரண்டு கார்டு இருந்தால் இரண்டின் கட்டணப் பட்டியலையும் திறந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்ற வரியை மட்டும் பாருங்கள். 1.99-உம் 3.5-உம் ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளில் இருப்பது சாதாரணம்.

---

பாமணி_மன்னை

என் ஸ்டேட்மென்ட்டில் மார்க்கப் தனி வரியாகவே வருவதில்லை. ஒரே தொகை. அப்போது என் வங்கி எடுக்கவில்லை என்று அர்த்தமா?

---

அரசலாறு

எடுக்கவில்லை என்றும் இருக்கலாம், உள்ளே மறைந்தும் இருக்கலாம். வகுத்தால் தெரிந்துவிடும். வீரசோழன்கரையின் தொகையையே அப்படி ஒரே வரியில் போட்டிருந்தால் 1,049.43 என்று வந்திருக்கும், 6.39 மட்டும் தனியாக நின்றிருக்கும். 1,049.43-ஐ 11.79-ஆல் வகுத்தால் 89.01. அன்றைய நெட்வொர்க் விலை 86. 89.01-ஐ 86-ஆல் வகுத்தால் 1.035, அந்த 3.5 வெளியே வந்துவிடும். ஜிஎஸ்டி என்று சின்னதாக ஒரு வரி தனியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை 0.18-ஆல் வகுத்தால் மறைந்திருக்கும் கட்டணம் கிடைக்கும்: 6.39-க்கு 35.50. ஒரு காசு முழுதாக்கியதில் போயிருக்கிறது.

---

பாமணி_மன்னை

பார்த்தேன். வெளிநாட்டுச் செலவு வந்த மூன்று மாதங்களிலும் சின்ன ஜிஎஸ்டி வரி இருக்கிறது. இத்தனை நாள் அதை வேறு ஏதோ கட்டணம் என்று விட்டிருக்கிறேன்.

---

வீரசோழன்கரை

கடைசியாக ஒன்று. இந்த மாதமே நிறுத்திப் பணம் திரும்பக் கேட்டால் 1,055.82 முழுதாக வருமா?

---

குடமுருட்டி

நிறுவனம் திருப்பித் தருவது 11.79 டாலர். அது திரும்பும் நாளின் விலையில்தான் ரூபாயாகும். அன்று 85.50 என்றால் 1,008.05 வரும், கட்டியபோது போனதைவிட கிட்டத்தட்ட 6 ரூபாய் குறைவு. அதற்கு யாரும் பொறுப்பில்லை. மார்க்கப் 35.49-உம் அதன் வரியும் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

---

அரசலாறு

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சில கார்டுகளில் எழுதிக் கேட்ட பிறகு திருப்பித் தந்திருக்கிறார்கள், சிலவற்றில் பரிவர்த்தனை நடந்துவிட்டது, சேவை கொடுத்தாகிவிட்டது என்று மறுத்திருக்கிறார்கள். கேட்பதில் செலவில்லை. ரசீது, திரும்பிய ரசீது, ஸ்டேட்மென்ட்டின் இரண்டு வரிகள், இவ்வளவையும் ஒரே மின்னஞ்சலில் வையுங்கள்.

---

குடமுருட்டி

கேட்கலாம். கிடைக்கும் என்று எண்ணி நிறுத்த வேண்டாம், அதைத்தான் சொன்னேன்.

---

வீரசோழன்கரை

நிறுத்தவில்லை. 1.99 மார்க்கப் உள்ள இன்னொரு கார்டுக்கு மாற்றுகிறேன். 1,013.94-க்கு மார்க்கப் 20.18, வரி 3.63, மொத்தம் 1,037.75 என்று போட்டிருக்கிறேன். அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.